மேலாளர் பொறுப்பை ஏற்குமுன் தங்களிடம் கேட்க விரும்புவது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மென்பொருள் குழுவின் மேலாளர் வேறு பிரிவுக்கு மாறியதிலிருந்து அவருடைய பொறுப்பைத் தற்காலிகமாக நான் பார்த்து வருகிறேன். அதை நிரந்தரமாக ஏற்கச் சம்மதமா என்று நிர்வாகம் இப்போது கேட்கிறது. பதில் சொல்லுமுன், இதுவரை நடந்ததைத் தங்களிடம் சொல்லி வழி கேட்கவே இதை எழுதுகிறேன்.

பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்கு மாறும் பணியை ஓர் இளம் பொறியாளரிடம் ஒப்படைத்திருந்தேன். வாரந்தோறும் கேட்டபோதெல்லாம் "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்றே பதில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை; எழுத வேண்டிய நிரல் உண்மையிலேயே முடிந்திருந்தது. ஆகவே எவ்வளவு முடிந்தது என்று கேட்பதை விட்டு, பணியைக் கண்ணால் பார்க்கக்கூடிய நான்கு படிகளாகப் பிரித்தோம்: புதிய பதிவுகளை இரண்டு தளங்களிலும் எழுதுதல், பழையவற்றைப் படியெடுத்தல், இரண்டையும் ஒப்பிடுதல், பிறகு வாசிப்பைப் புதிய தளத்துக்குத் திருப்புதல். மூன்றாவது படி தொடங்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒப்பிட்டபோது நள்ளிரவை ஒட்டிய பதிவுகள் மட்டும் ஒரு நாள் தள்ளி நின்றன. பழைய தளம் உள்ளூர் நேரத்தையும் புதியது உலகப் பொது நேரத்தையும் வைத்திருந்ததே காரணம் என்று எனக்கு உடனே தோன்றியது. நானே உட்கார்ந்தால் அன்றிரவே சரிசெய்திருக்கலாம். ஆனால் அடுத்த சிக்கலுக்கும் அவர் என் மேசைக்கே வந்து காத்திருப்பார். கூட்டங்களுக்கிடையே என் நாளில் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கிடைப்பதே அரிது. எனவே, பிசகிய பதிவுகளுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். மறுநாள் அவரே கண்டுபிடித்தார். தாமதத்தை முன்கூட்டியே மேலிடத்துக்குச் சொல்லிப் புதிய தேதி வாங்கியதுதான் அதில் என் பங்கு, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இப்போது பிறர் காத்திருக்க வேண்டிய எந்த நிரலையும் நான் எடுப்பதில்லை. வடிவமைப்பு ஆவணங்களை வாசிக்கிறேன், அவ்வப்போது தவறி விழும் சோதனைகளைச் சீர்செய்கிறேன். இந்த அளவு போதுமா, அல்லது சில ஆண்டுகளில் குழுவின் மதிப்பீடுகள் சரியா என்று எடைபோடும் திறனையே இழந்துவிடுவேனா? தாங்கள் எதைக் கைவிட்டீர்கள், எதை விடாமல் வைத்திருந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. குழுவில் என்னைவிட அனுபவம் மிக்க ஒருவர் இதே பதவியை விரும்பியிருந்தார். நான் ஏற்றால், ஆண்டு இறுதியில் அவருடைய பணி மதிப்பீட்டையும் ஊதிய உயர்வுப் பரிந்துரையையும் நான்தான் எழுத வேண்டும். அறிவிப்பு வருமுன் அவரிடம் நேரில் பேசுவது முறையா, அல்லது நிர்வாகம் சொன்ன பிறகே பேசுவது நல்லதா? முதல் சந்திப்பில் அவருடைய ஏமாற்றத்தை நானாகவே எடுத்துப் பேசலாமா?

வரும் வெள்ளிக்கிழமைக்குள் நிர்வாகத்துக்குப் பதில் தர வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்க இயலுமானால், தங்களுக்கு வசதியான வேளையில் அழைக்கிறேன்.

என்றும் தங்கள் அன்புள்ள,
மாணவன்