சொல்லாமல் போனவரும் கம்பெனி போடும் கணக்கும்

நோட்டீஸ் பீரியட் முடிக்காமல் ஒருவர் நின்றுவிட்டால், கம்பெனியிலிருந்து முதலில் வருவது பெரிய தொகை போட்ட வக்கீல் நோட்டீஸ். அதைக் கண்டு பயப்படுவதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒரு வரியைத் தேட வேண்டும்: நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் கட்டிவிட்டுப் போகலாமா, கட்டுவதானால் பேசிக்கிலா, கிராஸிலா? கட்டிவிட்டுப் போகும் உரிமை ஊழியருக்கு இருந்து, அவரும் கட்டிவிட்டால், அது ஒப்பந்த மீறலே இல்லை. 'நிர்வாகம் ஒப்புக்கொண்டால் மட்டும்' என்றிருந்தால் கதை வேறு.

ஓர் உதாரணம். கிராஸ் 60,000, பேசிக் 30,000, நோட்டீஸ் 60 நாள். நோட்டீஸ் கொடுத்த பத்தே நாளில் ஒரு டிசைனர் நின்றுவிடுகிறார். மீதி 50 நாளுக்கு பேசிக்கில் கட்ட வேண்டும் என்பது ஆர்டர். ஆக 50,000 ரூபாய். கம்பெனியோ 3,30,000 கேட்கிறது: அவர் இடத்தில் வைத்த கான்ட்ராக்ட் ஆளுக்கு 1,30,000, வாடிக்கையாளர் பிடித்த அபராதம் 2,00,000.

முதல் தொகையில் பெரும்பாலும் ஒரே தவறுதான் இருக்கும். அந்த 50 நாளும் டிசைனருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, அதில் 1,00,000 மிச்சம். உண்மையில் கூடுதலாகச் செலவானது 30,000. இந்தக் கழித்தலைப் போடாத நோட்டீஸ்கள்தான் அதிகம்.

அபராதத்தை நிரூபிப்பது இன்னும் கஷ்டம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக வந்த இழப்பையும், ஒப்பந்தம் போடும்போதே வரக்கூடும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்த இழப்பையுமே ஏற்கிறது. சுற்றி வளைத்து வந்ததை ஏற்பதில்லை. இழப்பைக் குறைக்க என்ன வழி இருந்தது என்றும் பார்க்கும். அவர் ராஜினாமா செய்வதற்கு முன்பே வேலை பின்தங்கியிருந்ததாக ஒரு மெயில் கிடைத்தால், அபராதத்தை அவர் தலையில் கட்டுவது கடினம்.

ஆர்டரிலேயே தொகை குறித்திருப்பதால் 74ஆம் பிரிவும் வருகிறது. குறித்த தொகையே உச்சவரம்பு. அதற்குள் நியாயமானது எவ்வளவோ அவ்வளவுதான். அதனால் இங்கே 50,000க்கு மேல் கேட்பது நிற்காது. பாண்டுக்கும் இதே அளவுகோல்தான். மூன்று வருடம் முடிக்காமல் போனால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கிக்கு மறுபடி ஆள் எடுக்க ஆகும் செலவையும் கணக்கில் எடுத்துத்தான் அப்படிச் சொன்னது.

வழக்கு என்று போனால், மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் நிறுவனங்கள் அவ்வளவு தூரம் போவது குறைவு. கடைசி மாதச் சம்பளத்தையும் லீவ் பணத்தையும் பிடித்துவைத்து, ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பதுதான் நடைமுறை. பி.எஃப். பணத்தில் மட்டும் கை வைக்க முடியாது. வேலையைவிட்ட தேதியைக் கம்பெனி போட மறுத்தாலும், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஊழியரே இ.பி.எஃப்.ஓ. தளத்தில் அதைப் பதிந்துகொள்ளலாம்.