தீக்கொழுந்து அலை: ஒரு பார்ஜெல்லோ நாட்குறிப்பு

ஜூன் 2

பல நாளாக எடுத்து வைத்திருந்த 14 இழை கேன்வாஸை இன்று ஃப்ரேமில் மாட்டினேன். ஓர் அங்குலத்துக்கு 14 இழை. எட்டுக்கு எட்டு அங்குலத்தில் ஒரு குஷன் முகப்பு தைக்க ஆசை. தையல் எல்லாமே செங்குத்து, ஒவ்வொன்றும் நான்கு இழை உயரம். அடுத்த தையல் இரண்டு இழை இறங்கியோ ஏறியோ வரும். பார்ஜெல்லோ என்ற இந்தக் கேன்வாஸ் தையல் முறையில் இதைத்தான் 4-2 என்கிறார்கள்.

யோசிக்காமல் தொடங்கிவிட்டேன். படிக்கு ஒரு தையல் என்று 14 படி இறங்கி, திரும்ப 14 படி ஏறினேன். ஒரு முகடும் ஒரு பள்ளமும் முடிந்ததும் எழுந்து நின்று பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. கணக்குப் போட்டேன்: 14 படிக்கு 28 இழை, அதாவது முழுசாக 2 அங்குலம். எட்டு அங்குலத் துணியில் ஒரு கோடு மட்டும் கால்வாசி உயரத்தைப் பிடித்துக்கொண்டால் நெருப்பு அசைகிற மாதிரி எங்கே தெரியும்? பிரித்துவிட்டேன்.

ஜூன் 3

காலையில் கட்டத் தாளோடு உட்கார்ந்தேன். உயரத்தைக் குறைக்க இரண்டு வழி. படியை இரண்டு இழையிலிருந்து ஒன்றாக்கலாம். ஆனால் அலை படுத்துவிடும். இன்னொரு வழி, ஒரே மட்டத்தில் இரண்டு மூன்று தையல்களை அடுத்தடுத்துப் போடுவது. அகலம் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் இறங்கும், முகடும் உருண்டு வரும். எனக்கு இதுதான் பிடித்தது.

கடைசியில் அமைந்த அலை இது. முகட்டில் ஒரே மட்டத்தில் 5 தையல். இறங்கும்போது முதல் படியில் 3, அடுத்த இரண்டு படிகளில் இரண்டிரண்டு, அப்புறம் ஒற்றை ஒற்றையாக நான்கு படி, கடைசியாகப் பள்ளத்தின் அடியில் ஒரே ஒரு தையல். மொத்தம் 8 படி, 16 இழை; ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். மேலே வட்டமாகத் தொடங்கி, கீழே போகப் போகக் கூர்மையாகிறது. தாளில் பார்க்கும்போதே ஒரு துடிப்பு தெரிந்தது.

அகலமும் பொருந்த வேண்டுமே. முகட்டின் நடுத் தையலிலிருந்து பள்ளத்துக்கு 14 தையல், அங்கிருந்து அடுத்த முகட்டின் நடுவுக்கு இன்னும் 14. ஆக ஓர் அலைக்கு 28. எட்டு அங்குலத்துக்கு 112 இழை. இரண்டு ஓரத்தையும் சேர்த்தால் 113 ஓட்டை. நான்கு அலைக்கு 112, முதல் தையல் ஒன்று. சரியாக உட்கார்ந்தது. 57-ஆவது ஓட்டையில் நடு முகடு, இரண்டு ஓரத்திலும் அரை முகடு.

ஜூன் 5

முதல் கோடுதான் எல்லாம். மற்ற வரிசைகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும், அதன் பிழையையும் சேர்த்து. அதனால் நடுவில் தொடங்கி, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் போனேன்.

தைப்பதற்கு முன்பே முகடுகளின் உச்சி வர வேண்டிய மட்டத்தில், கேன்வாஸின் ஒரே இழையைத் தொடர்ந்து, வெளிர் நிறத்தில் ஓட்டுத் தையல் ஒன்று போட்டு வைத்திருந்தேன். வலது பக்கத்து முகடு அதைத் தொடாமல் ஓர் இழை கீழேயே நின்றுவிட்டது. பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், ஏறும் வழியில் ஒற்றைப் படி ஒன்றில் இரண்டுக்குப் பதில் ஓர் இழைதான் ஏறியிருக்கிறேன். வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஓட்டுத் தையல் இல்லாவிட்டால் பத்து வரிசை போன பிறகுதான் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்திருக்கும்.

ஜூன் 6

நிறம். ஐந்து ஷேடு: 1 கருஞ்சிவப்பு, 2 செங்கல், 3 ஆரஞ்சு, 4 மஞ்சள், 5 கிரீம். கிரீமுக்குப் பிறகு நேராகக் கருஞ்சிவப்பு. அந்தத் தாவலில்தான் தீயின் விளிம்பு பளிச்சென்று தெரியும். 1, 2, 3, 4, 5, 4, 3, 2 என்று போய்த் திரும்பினால் விளிம்பு கரைந்து, தண்ணீர் அலை மாதிரி மென்மையாகிவிடும். அதுவும் அழகுதான், ஆனால் எனக்கு வேண்டியது தீ.

முதலில் நான்கு நிறம்தான் நினைத்திருந்தேன். அலையின் உயரம் 16 இழை, வரிசைக்கு 4 இழை. அப்படியானால் உயரம் சரியாக நான்கு வரிசை. நான்கு நிறம் வைத்தால் ஒரு கருஞ்சிவப்பின் பள்ளமும் அடுத்த கருஞ்சிவப்பின் முகடும் ஒரே மட்டத்தில் வரும். தாளில் வண்ணம் தீட்டிப் பார்த்தபோது கண் அலையை விட்டுவிட்டுக் குறுக்குப் பட்டையைத்தான் பிடித்தது. ஐந்தாவது நிறம் சேர்ந்ததும் அது கலைந்துவிட்டது.

அட்டையில் ஐந்து துளை போட்டு, எண் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டினேன். மஞ்சள் விளக்கில் 4-உம் 5-உம் ஒன்றாகவே தெரிகின்றன. அதனால் நிறம் மாற்றுவது பகலில் மட்டும்.

ஜூன் 9

கீழ்ப்பாதி வேகமாக இறங்குகிறது. ஊசி காலி ஓட்டையில் மேலே வர வேண்டும், முந்தைய வரிசையின் நூல் இருக்கிற ஓட்டையில் உள்ளே போக வேண்டும். மாற்றிச் செய்தால் மழுங்கிய ஊசிகூட இருக்கிற நூலைப் பிளந்து, இழைகளை வெளியே இழுத்துவிடும்.

ஜூன் 13

மேல்பாதி தொடங்கி இரண்டு வரிசை முடித்திருந்தேன். தள்ளி வைத்துப் பார்த்தபோது நடுவில் ஏதோ உறுத்தியது. முதல் கோடு கருஞ்சிவப்பு. அதற்குக் கீழே செங்கல், ஆரஞ்சு. மேலேயும் செங்கல், ஆரஞ்சு. பழக்கத்தில் கை 1, 2, 3 என்றே போயிருக்கிறது. நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல மங்கி, தீ அங்கே நின்றுபோயிருந்தது.

மேல்நோக்கிப் போகும்போது வரிசை தலைகீழாக வேண்டும். 1-க்கு மேலே 5, அதற்கு மேலே 4, 3, 2, மறுபடி 1. மேலிருந்து கீழே எப்போது படித்தாலும் 1, 2, 3, 4, 5 என்றே வர வேண்டும். இது தெரியாமல் இல்லை, ஆனாலும் நடந்துவிட்டது.

226 தையல். நல்ல வேளை, இரண்டுமே வெளி வரிசைகள்; கத்தரி வைக்காமல், தைத்த வழியே ஊசியின் காதுப் பக்கத்தால் ஒவ்வொன்றாக இழுத்துப் பிரித்தேன். மாலைக்குள் முடிந்தது. பிரித்த நூல் தேய்ந்து மெலிந்திருந்தது; அதை மறுபடி தைத்தால் இடையில் வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப் பார்க்கும், அதனால் ஒதுக்கிவிட்டேன். அட்டையில் பெரிய அம்புக்குறி வரைந்து, “மேலே போனால் 5, 4, 3” என்று எழுதி ஃப்ரேமிலேயே கட்டினேன்.

கிரீம் வரிசையை அப்போதே தொடங்கினேன். பத்துத் தையல் போவதற்குள் கருஞ்சிவப்பின் விளிம்பு தீப்பிடித்த மாதிரி எழுந்துவிட்டது.

ஜூன் 19

ஓரம் அடைக்கிற வேலை. நடு முகட்டின் உச்சிக்கு மேலே சரியாக 56 இழை விட்டிருந்தேன், 14 முழு வரிசை. படி எல்லாம் இரண்டிரண்டு இழை என்பதால் மேல் ஓரத்தில் சில இடங்களில் முழுத் தையல் சரியாக முடிகிறது, மற்ற இடங்களில் இரண்டு இழை மிஞ்சுகிறது. அங்கே இரண்டு இழைக்கான குட்டித் தையல். நிறத்தை மட்டும் பக்கத்துத் தையலைப் பார்த்து எடுக்கக் கூடாது. அதே ஓட்டை வரிசையில் நேர் கீழே எந்த எண் இருக்கிறதோ, அதற்கு முந்தைய எண்.

ஜூன் 21

கீழ் ஓரமும் முடிந்தது. இங்கே நேர் மேலே இருக்கிற எண்ணுக்கு அடுத்த எண். கடைசிக் குட்டித் தையல் இடது மூலைக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சு. நூல் முனையைப் பின்பக்கம் ஆரஞ்சுத் தையல்களுக்கு அடியில் செருகி, ஓட்டுத் தையலின் மிச்சத்தையும் உருவி, ஃப்ரேமிலிருந்து கழற்றினேன்.