நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதகராக இருக்கிறேன். கண்ணாடி பவர் பார்ப்பதுதான் என் வேலை. வருகிற அம்மாக்களில் பாதிப் பேர் "பிள்ளைக்கு தூரப்பார்வை மேடம்" என்பார்கள். தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்பது அவர்கள் கணக்கு. மருத்துவத் தமிழில் அதற்குப் பெயர் கிட்டப்பார்வை. தூரப்பார்வை என்பது நேர் எதிரானது: கண்ணின் நீளம் கொஞ்சம் குறைவாக இருப்பதால், பிம்பம் விழித்திரையைத் தாண்டிப் பின்னால் விழப் பார்க்கும். அதற்குப் பிளஸ் கண்ணாடி. இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கவே தினமும் பத்து நிமிடம் போகிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பாப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். நாலு வயது ஆகப்போகிறது. மூன்று மாதமாக இடது கண் மூக்குப் பக்கம் போகிறது என்று அம்மா கூட்டிவந்தார். முதலில் எப்போதாவதுதான், சாப்பிடும்போதும் சாயங்காலம் சோர்ந்து இருக்கும்போதும் மட்டும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்துபோன பிறகு அடிக்கடி ஆகிவிட்டது. காய்ச்சலால்தான் வந்தது என்றது ஒரு வீடு. தூளிக்கு மேலே பொம்மை கட்டினதால் என்றது இன்னொரு வீடு. மாறுகண் அதிர்ஷ்டம், விட்டுவிடு என்று சொன்னவர்களும் உண்டு. கூட வந்திருந்த தாத்தாவுக்கு வேறு சந்தேகம்.

"கடலில் போகிற படகுக்கு என்ன கலர் பெயிண்டுன்னு இது சொல்லுதும்மா. எனக்கே தெரியாது. இந்தக் கண்ணில் என்ன குறை இருக்கப்போகுது?"

அவர் சொன்னது பொய்யில்லை. படச் சார்ட்டில் வலது கண்ணால் 6/9 வரை சொன்னாள். அந்த வயதுக்கு அது நல்ல பார்வைதான். இடது கண்ணில்தான் 6/24-க்கு மேல் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் வலது கருவிழியின் நடுவில் வெளிச்சப் புள்ளி, இடதில் அது வெளிப்பக்கமாக ஒதுங்கி நின்றது. வலது கண்ணை மறைத்ததும் இடது கண் உள்ளிருந்து வெளியே நகர்ந்து வந்து பொம்மையைப் பிடித்தது. மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தெரிகிற குழந்தைகளுக்கு இப்படி நகராது. அப்படியானால் இது நிஜ மாறுகண்தான்.

கம்ப்யூட்டரில் பவர் பார்த்தேன். முதல் தடவை +1. அடுத்த தடவை −0.50. மூன்றாவது தடவை வேறொன்று. இப்படி எண் குதித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மெஷினுக்குள் தெரிகிற படத்தைக் குழந்தை முறைத்துப் பார்க்கிறது, கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகுகிறது, லென்ஸ் உப்புகிறது, பிளஸ் காணாமல் போகிறது. சொட்டு மருந்து போடாமல் எடுத்த இந்தச் சீட்டை நம்பி, பிளஸ் வேண்டிய குழந்தைக்கு மைனஸ் கண்ணாடி போட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தசையைத் தூங்கவைத்துவிட்டுத்தான் கண்ணின் உண்மையான அளவைப் பார்க்க முடியும். எங்கள் டாக்டர் அட்ரோபின் ஒரு சதவீத ஆயின்ட்மென்ட் எழுதினார்: மூன்று நாள், காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, அரிசி அளவு. பரிசோதனைக்கு வருகிற அன்று காலையில் மட்டும் வேண்டாம், கண்ணில் பிசுபிசுப்பு நின்றால் எனக்கு வெளிச்சம் சரியாகத் தெரியாது. முகம் சிவந்து உடம்பு சுட்டாலோ, நெஞ்சு படபடவென்று அடித்தாலோ நிறுத்திவிட்டு உடனே போன் செய்யச் சொன்னோம். போட்டவர் கையைக் கழுவ வேண்டும், டியூபை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பாப்பா பத்துப் பதினைந்து நாள் வெயிலில் கண் கூசிக்கொண்டிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே பயந்து நிறுத்திவிடுவார்கள்.

நாலாவது நாள் இருட்டறையில், அம்மா மடியில் உட்காரவைத்து ரெட்டினாஸ்கோப்பைக் கையில் எடுத்தேன். கண்ணுக்குள் ஒரு வெளிச்சக் கோட்டை விட்டு மெதுவாக அசைப்போம். உள்ளே தெரிகிற சிவப்பு வெளிச்சம் கோட்டோடு சேர்ந்தே நகர்ந்தால் பிளஸ் லென்ஸ் வைக்க வேண்டும். நகர்வது நின்று கண்மணி முழுக்க ஒரேயடியாக நிறைகிற வரை லென்ஸை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். +3 வைத்தேன், இன்னும் கூடவே வந்தது. +5 வைத்தேன், அப்போதும் வந்தது. வலது கண் +6.50-இல் நின்றது, இடது +7.50-இல். நான் உட்கார்ந்திருந்த தூரம் 66 சென்டிமீட்டர், அதற்கு ஒன்றரை கழிக்க வேண்டும். ஆக வலது +5, இடது +6. மூன்று நாள் முன்னால் மெஷின் மைனஸ் காட்டிய அதே கண்கள்.

பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு +2 அளவில் தூரப்பார்வை இருக்கத்தான் செய்யும். கண் வளர வளர அது குறைந்துவிடும். ஐந்து, ஆறு என்பது அந்தக் கணக்கில் வராது. அப்புறம் எப்படி 6/9 படித்தாள்? இந்த வயதில் கண்ணின் லென்ஸ் ரப்பர் போல. பவரை அளக்கிற அலகுக்கு டயாப்டர் என்று பெயர். ஐந்து டயாப்டர் குறையை அது உப்பிச் சரிக்கட்டிவிடும், அதற்கு மேலும் கையில் மிச்சம் இருக்கும். தாத்தாவின் லென்ஸ் இறுகிவிட்டதால் வலை தைக்க அவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். பேத்தியின் லென்ஸ் வேலை செய்கிற வேகத்தில் குறையே வெளியில் தெரியவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பூதக் கண்ணாடியா?" என்று அவர் கேட்டபோது நான் சொன்னது இதைத்தான்.

இந்தச் சரிக்கட்டலுக்கு ஒரு விலை இருக்கிறது. லென்ஸை உப்பவைக்கிற கட்டளையும் இரண்டு கண்ணையும் உள்ளே திருப்புகிற கட்டளையும் மூளையிலிருந்து சேர்ந்தே வரும். பக்கத்தில் பார்க்கும்போது இரண்டும் தேவை, அதனால் இயற்கை அவற்றை ஒரே கயிற்றில் கட்டிவைத்திருக்கிறது. ஐந்து டயாப்டர் முயற்சி என்பது சாதாரணக் குழந்தை 20 சென்டிமீட்டரில் தன் உள்ளங்கையைப் பார்க்க எடுக்கிற முயற்சி. இந்தப் பாப்பா சில்வர் பீச்சில் நின்று தொலைவில் போகும் படகைத் தெளிவாகப் பார்க்க அதே முயற்சியை எடுக்கிறாள். கண்களுக்கு உள்ளங்கையைப் பார்க்கிற அளவுக்குத் திரும்பு என்று கட்டளை போகிறது. படகு கலங்கித் தெரிந்தால் கண் நேராக இருக்கும், தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் கண் உள்ளே போகும். அவளுக்குத் தெளிவுதான் வேண்டியிருந்தது. தட்டில் சோற்றைப் பார்க்கும்போது முயற்சி இன்னும் மூன்று டயாப்டர் கூடுகிறது, அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் முதலில் தெரிந்தது.

தூரப்பார்வைக்கும் உள்நோக்கிய மாறுகண்ணுக்கும் இருக்கிற இந்தத் தொடர்பை டச்சுக் கண் மருத்துவர் டோண்டர்ஸ் 1864-லேயே எழுதிவிட்டார். அதிகத் தூரப்பார்வை உள்ள எல்லாக் குழந்தைக்கும் கண் திரும்புவதில்லை. சிலருக்கு உள்ளே இழுக்கும் கண்ணை வெளியே பிடித்து நிறுத்துகிற பலம் இருக்கும். பிளஸ் ஏழு, எட்டு என்று போனால் சில குழந்தைகள் முயற்சியையே விட்டுவிடும். கண் நேராக இருக்கும், இரண்டு கண்ணிலும் பார்வை வளராமல் கிடக்கும். யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

இடது கண் ஏன் 6/24? கட்டளை இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவுதான் போகும். வலது கண் தெளிந்ததும் முயற்சி நின்றுவிடுகிறது. இடது கண்ணுக்கு இன்னும் ஒரு டயாப்டர் பாக்கி, போதாததற்கு அது திரும்பியும் இருக்கிறது. மூளை அதை ஒதுக்கிவைக்கப் பழகிவிட்டது, சோம்பேறிக் கண்.

கண் உள்ளே போகிறதென்றால் எல்லாம் பவர்தான் என்று முடிவு கட்டக்கூடாது. விழித்திரைக் கட்டியோ நரம்புக் கோளாறோகூட முதலில் மாறுகண்ணாகத் தலைகாட்டலாம். மருந்தால் கண்மணி விரிந்திருக்கும்போதே டாக்டர் விழித்திரையைப் பார்த்து, கண் அசைவையும் சோதித்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் கண்ணாடிச் சீட்டு எழுதப்பட்டது.

கண் திரும்பாத குழந்தையாக இருந்தால் டாக்டர் கொஞ்சம் குறைத்து எழுதுவார். திரும்பும் கண்ணுக்கு முழு பவர், +5-உம் +6-உம், தூங்கும் நேரம் தவிர எப்போதும்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். கண்ணாடி போட்டிருந்தும் இடது கண் உள்ளேதான் இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. "ஆபரேஷன்தான் பண்ணணுமா மேடம்?" என்றார் அம்மா. கண்ணாடியைக் கழற்றி லென்ஸ்மீட்டரில் வைத்தேன். +3, +4. கடைக்காரர் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பவரா என்று இரக்கப்பட்டு இரண்டிரண்டு குறைத்துவிட்டாராம்! மிச்ச இரண்டு டயாப்டருக்கும் லென்ஸ் உப்பிக்கொண்டிருந்தது, அதற்கேற்ப கண்ணும் திரும்பியது. போதாக்குறைக்கு ஃபிரேம் மூக்கில் நிற்காமல் வழுக்க, பாப்பா அதன் மேல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸை மாற்றி, பின்னால் பட்டை கட்டி அனுப்பினோம். முதல் சில நாள் கழற்றிக் கழற்றி எறிந்தாளாம். உப்பிப் பழகிய தசை சட்டென்று தளராது, அதுவரை கண்ணாடிக்குள் கலங்கலாகத்தான் தெரியும். மூன்றாவது வாரம் டார்ச் அடித்தபோது இரண்டு புள்ளியும் நடுவில் இருந்தன.

அம்மாவுக்குப் புதுக் கவலை. "கண்ணாடியைக் கழட்டினால் முன்னைவிட அதிகமாப் போகுது. கண்ணாடிதான் கெடுத்துடுச்சோ?" இந்தக் கேள்வி வராமல் இருந்ததே இல்லை. முன்பு சில நேரம் கலங்கலோடு இருந்துவிடுவாள், அப்போது கண் நேராக நிற்கும். இப்போது தெளிவு பழகிவிட்டது. கழற்றியதும் அந்தத் தெளிவைத் தேடி முழு மூச்சாக முயற்சி செய்கிறாள், கண் முழுதாக உள்ளே போகிறது. கண்ணாடி போட்டால் நேராகிற பங்குக்கு ஆபரேஷன் கிடையாது. முழுக் கண்ணாடி போட்டும் மிச்சம் திரும்பி நின்றால் அந்த மிச்சத்துக்கு மட்டும்தான்.

வலது கண்ணில் தினமும் இரண்டு மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டினார்கள். நாலு மாதத்தில் இடது கண் 6/12-க்கு வந்தது.

என் பங்குக்கு ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளி முகாமில் ஒரு பையன் கடைசி வரியைக் கடகடவென்று படித்தான். சீட்டில் "சரி" என்று எழுதி அடுத்தவனைக் கூப்பிட்டேன். மறு வருடம் படித்தால் தலைவலி, எழுத்து கலங்குகிறது என்று எங்கள் மருத்துவமனைக்கே வந்தான். +4 இருந்தது. அதிலிருந்து முகாமுக்குப் போனால் பையில் ஒரு +2 லென்ஸ் இருக்கும். கடைசி வரியைப் படித்தவன் கண்முன் அதை வைப்பேன். சாதாரணக் கண்ணுக்கு எழுத்து மங்கிவிடும். மங்காமல் அப்படியே படித்தால் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்வேன்.

போன மாதம் அந்த அம்மா இரண்டாவது குழந்தையைத் தூக்கி வந்திருந்தார், ஒன்றரை வயதுப் பையன். கண் நேராகத்தான் இருக்கிறது, அக்காவுக்கு இருந்ததால் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றார். மருந்து போட்டுப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் +3. இப்போதைக்குக் கண்ணாடி வேண்டாம், ஆறு மாதத்தில் வரச் சொல்லி டாக்டர் எழுதினார். நடுவில் சாப்பிடும் நேரத்தில் கண் ஒரு தடவை உள்ளே போனாலும் அன்றைக்கே கிளம்பி வரச் சொன்னேன். தாத்தா தன் வெள்ளெழுத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தேதியைக் காலண்டரில் குறிப்பதாகச் சொன்னார்.