மூன்று துண்டாக, மூன்றாவது முதலில்: தமிழ் எஸ்எம்எஸ் கோரிக்கையை ஒட்டவைத்த அனுபவம்

உழவுக் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு மையத்துக்கு, எஸ்எம்எஸ்ஸில் வரும் கோரிக்கைகளைக் கணினியில் பட்டியலிடும் வேலை. சிம் போட்ட யுஎஸ்பி மோடம், ஒரு பழைய கணினி, சிறிய பைத்தான் நிரல். மோடத்தைச் செருகி முதல் செய்தியைப் படிப்பது வரை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் பாடு.

வந்த செய்தி இது:

"ஐயா வணக்கம் மேலத்தெரு கொல்லையில் 2 ஏக்கர் உழவு போட வேண்டும். வியாழக்கிழமை காலை 10 மணிக்கு டிராக்டர் வேண்டும். கொக்கிக் கலப்பை போதும், ரோட்டவேட்டர் வேண்டாம்."

திரையில் தெரிந்ததோ மூன்று தனித்தனி வரிகள். எல்லாவற்றுக்கும் மேலே "ரோட்டவேட்டர் வேண்டாம்." என்று ஒன்று. அடுத்து "ஐயா வணக்கம்" என்று தொடங்கி "வியாழக" என்று அறுந்த ஒன்று. கடைசியில், புள்ளிவட்டத்தின் மேல் ஒரு புள்ளி தொங்க "கிழமை காலை 10 மணிக்கு" என்று இன்னொன்று. பட்டியலைப் பார்த்தவர் முதல் வரியை ரத்து என்று எடுத்துக்கொண்டார். அவர் மேல் தவறே இல்லை, அந்த வரியை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் படும். வியாழக்கிழமை டிராக்டர் போகவில்லை. ஈரம் காய்வதற்குள் உழவு போட நினைத்தவருக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது என்பதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

மோடம் விற்றவரிடம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "தமிழ்ல அனுப்பினா அப்படித்தான் சார் வரும், இங்கிலீஷ்ல அனுப்பச் சொல்லுங்க." இந்தப் பதிலை நம்பிவிடாதீர்கள். சரியாகச் சேர்ப்பதற்கு வேண்டிய தகவல் ஒவ்வொரு துண்டோடும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நாம்தான் அதைப் படிக்காமல் விடுகிறோம்.

தமிழில் ஏன் உடைகிறது என்பதற்கு மட்டும் கொஞ்சம் கணக்கு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு 2 பைட், ஆக 70 தான். செய்தி அதைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் 6 பைட் ஹெடர் ஏறிக்கொள்ளும், மிச்சம் 67. இதில் "கொ" என்பது ஒரு குறியீடு அல்ல, ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. "க்" என்பதும் இரண்டு. அப்படி எண்ணினால் மேலே உள்ள செய்தி 156 குறியீடுகள். 156 எழுத்தில் ஆங்கிலச் செய்தி என்றால் ஒரே எஸ்எம்எஸ். தமிழில் 67, 67, 22 என்று மூன்று. அனுப்பும் போன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெட்டுகிறது. 67வது இடத்தில் "வியாழக்கிழமை"யின் முதல் ககரம் நின்றது, அதன் புள்ளி அடுத்த துண்டுக்குப் போய்விட்டது. புள்ளிவட்டம் வந்த காரணம் அதுதான்.

முதல் தப்பு எங்களுடையது. மோடத்தை `AT+CMGF=1` என்று உரை முறையில் வைத்திருந்தோம். படிக்க எளிது என்று பெரும்பாலான பாடங்கள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் அந்த முறையில் சில மோடங்கள் ஹெடரைத் தின்றுவிட்டு வெறும் உரையை மட்டும் தரும். `AT+CMGF=0` என்று மாற்றி, `AT+CMGL=4` கொடுத்தால் செய்தி முழுதும் பதின்அறும எண்களாக வரும். அதில் உரைப் பகுதியின் தொடக்கத்தில் இப்படி இருக்கும்:

```
05 00 03 A7 03 02
```

05 என்றால் இதற்குப் பின் 5 பைட் ஹெடர். 00 என்றால் "இது ஒரு நீண்ட செய்தியின் துண்டு". 03 என்றால் அந்தத் தகவல் 3 பைட். A7 என்பது அனுப்பிய போன் அந்தச் செய்திக்குக் கொடுத்த அடையாள எண். 03 மொத்தத் துண்டுகள். கடைசி 02, இது இரண்டாவது துண்டு. மூன்று துண்டுக்கும் A7 ஒன்றுதான். கடைசி பைட் மட்டும் 01, 02, 03 என்று மாறும். இவ்வளவு நாள் தேடியது இந்த ஒரு பைட்டைத்தான். திரையில் அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

சில போன்கள் `06 08 04` என்று தொடங்கி, அடையாள எண்ணை 2 பைட்டாகத் தரும். அப்போது துண்டுக்கு 66 குறியீடுதான். 00, 08 இரண்டையும் கையாளாவிட்டால் சில எண்களிலிருந்து வரும் செய்திகள் மட்டும் காரணம் தெரியாமல் உடைந்தே நிற்கும்.

ஹெடரைக் கண்டுபிடிப்பதற்கு முன், நேரத்தை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்ததில் ஒரு வாரம் வீணானது. அது ஏன் வேலைக்கு ஆகாது என்றால், ஒவ்வொரு துண்டும் குறுஞ்செய்தி மையத்துக்குத் தனிச் செய்தி. சிக்னல் விட்டுப் போய் ஒரு துண்டு சேராவிட்டால் மையம் அதைப் பிறகு மறுபடி அனுப்பும், மற்றவை அதற்குள் வந்து சேர்ந்துவிடும். துண்டோடு வரும் நேர முத்திரையும் வினாடி வரைதான். இரண்டு துண்டுக்கு ஒரே வினாடி இருப்பது சகஜம். `AT+CMGL` தரும் வரிசையையும் நம்ப முடியாது. அது சிம்மில் உள்ள இட எண் வரிசை. பழைய செய்தியை அழித்ததால் 3வது இடம் காலியாக இருந்தால், கடைசியில் வந்த துண்டு போய் அங்கே உட்கார்ந்து பட்டியலில் முன்னே தெரியும்.

ஒட்டும் பகுதி சிறியதுதான்:

```python
key = (sender, ref, total)
parts[key][seq] = raw
if len(parts[key]) == total:
    body = b"".join(parts[key][i] for i in range(1, total + 1))
    text = unicodedata.normalize("NFC", body.decode("utf-16-be"))
```

`parts` என்பது `defaultdict(dict)`, `raw` என்பது ஹெடர் நீக்கிய பைட்டுகள். கவனியுங்கள், பைட்டுகளை முதலில் ஒட்டுகிறோம், அதற்குப் பிறகுதான் உரையாக மாற்றுகிறோம். துண்டு துண்டாக மாற்றிவிட்டு ஒட்டினால் தமிழில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம், எமோஜியில் மாட்டும். கைகூப்பும் எமோஜி இரண்டு குறியீட்டு இடம் எடுக்கும். அதன் நடுவில் வெட்டு விழுந்தால் பாதியை மாற்ற முடியாமல் நிரல் பிழை காட்டி நிற்கும். நம் ஊர்ச் செய்திகள் பாதிக்கு மேல் கைகூப்பித்தான் முடிகின்றன.

`normalize` எதற்கு என்றால், சில விசைப்பலகைகள் "கொ"வை ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து மூன்று குறியீடாக அனுப்பும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் "கொக்கி" என்று தேடினால் அகப்படாது. இதையும் ஒட்டிய பிறகே செய்ய வேண்டும். கொம்பு ஒரு துண்டிலும் கால் அடுத்ததிலும் கிடந்தால், முன்கூட்டிச் செய்வதில் பயனில்லை.

இன்னொன்று, பழக்கதோஷத்தில் `strip()` போட்டுவிடாதீர்கள். எங்கள் செய்தியின் இரண்டாவது துண்டு "போதும்," என்பதற்குப் பின் ஒரு இடைவெளியோடு முடிகிறது. அதை வெட்டினால் இங்கே பெரிய சேதமில்லை. "தேதி 11 2 ஏக்கர்" என்று எழுதியவருக்கு 11க்குப் பின் வந்த இடைவெளியில் துண்டு முடிந்திருந்தால் "112 ஏக்கர்" ஆகிவிடும். ஒட்டும் இடத்தில் நாமாக இடைவெளி சேர்ப்பதும் அதே அளவு கெடுதல், "வியாழக"வும் புள்ளியும் சேரவே சேராது.

இனி, அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். அடையாள எண் ஒரு பைட் என்பதால் 256 எண்கள்தான். ஒரே ஆள் 256 நீண்ட செய்தி அனுப்பி அதே எண் திரும்ப வருவதற்கு நாளாகும் என்று நினைத்தோம். ஆனால் எல்லாப் போன்களும் ஒழுங்காக எண்ணிக்கொண்டு போவதில்லை, ஒரே எண்ணைத் திரும்பத் தருவதும் உண்டு. அப்போது போன மாதம் முழுமையாகாமல் கிடந்த ஒரு துண்டு, இன்றைய செய்தியின் இரண்டு துண்டோடு சேர்ந்து "முழுமை" ஆகிவிடும். படித்தால் சரியான தமிழாகவே இருக்கும், தேதி மட்டும் வேறு. உடைந்த செய்தியாவது கண்ணில் படும், இது படாது.

இதைத் தடுக்க நேர முத்திரை உதவியது. அது குறுஞ்செய்தி மையம் துண்டைப் பெற்ற நேரம், நம்மிடம் வந்து சேர்ந்த நேரம் அல்ல. சிக்னல் இல்லாமல் ஆறு மணி நேரம் தாமதித்து வந்த துண்டும் பழைய முத்திரையோடுதான் வரும். எனவே ஒரே செய்தியின் துண்டுகளுக்குள் முத்திரை வித்தியாசம் சிறிதாகவே இருக்கும். 10 நிமிடத்துக்கு மேல் விலகினால் வேறு செய்தி என்று பிரித்தோம். கணினியின் கடிகாரத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் தாமதமாக வந்த நல்ல துண்டையே தள்ளிவிடுவீர்கள். ஒரே துண்டு இரண்டு முறை வருவதும் உண்டு: நாம் பெற்றுக்கொண்டோம் என்ற தகவல் குறுஞ்செய்தி மையத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அது திரும்ப அனுப்பும். வரிசை எண், முத்திரை, பைட்டுகள் மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் இரண்டாவதை விட்டுவிடலாம். வரிசை எண் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் வேறாக இருந்தால் பழையதன் மேல் எழுதாமல் புதுக் குழுவாக வையுங்கள்.

சிம்மின் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரைகுறைச் செய்திகளை "மிச்சம் வரட்டும்" என்று சிம்மிலேயே விட்டுவைத்ததில் `AT+CPMS?` கொடுத்தபோது `"SM",25,25` என்று நின்றது. இடமில்லாததால் காத்திருந்த மிச்சத் துண்டுகளே உள்ளே வர முடியவில்லை. ஒவ்வொரு துண்டையும் வந்தவுடன் தரவுத்தளத்தில் எழுதி, எழுதியது உறுதியான பிறகு `AT+CMGD` கொடுத்து அழியுங்கள். வரிசை மாறினால், நடுவில் மின்சாரம் போகும்போது துண்டும் போய்விடும்.

சோதிக்க, அந்த மூன்று துண்டையும் கோப்பில் வைத்துக்கொண்டு ஆறு விதமான வரிசையிலும் ஊட்டிப் பார்த்தோம். பிறகு ஒன்றை இரட்டிப்பாக்கி, பிறகு ஒன்றை விட்டுவிட்டு. ஆறு வரிசைக்கும் ஒரே 156 குறியீடு வந்த பிறகுதான் மையத்தில் மாட்டினோம்.

ஹெடரே இல்லாமல், ஆளே தனித்தனியாக அனுப்புவதை இந்த வழியில் சேர்க்க முடியாது. "3 ஏக்கர், தப்பா போட்டுட்டேன்" என்று பின்னால் வரும் செய்தி முந்தையதைத் திருத்துகிறதா, புதிய கோரிக்கையா என்பதை எந்தப் பைட்டும் சொல்லாது. அவற்றை அனுப்பியவர் எண்ணின் கீழ் முத்திரை வரிசையில் அடுக்கிக் காட்டுகிறோம், சேர்ப்பது படிப்பவர் வேலை. முழுமையாகாத நீண்ட செய்திக்கு 15 நிமிடம் காத்திருப்பு. அதற்குள் வராவிட்டால் பட்டியலில் சிவப்பில் "3ல் 2 வந்துள்ளது, 3வது இல்லை" என்று எண்ணோடு காட்டும். மையத்தில் இருப்பவர் அந்த எண்ணுக்குப் போன் போட்டு, கடைசியில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டுவிடுகிறார்.