தமிழ் எழுத்துப் பயிற்சித் தாள்: வரைந்தது, பிரிண்ட் பார்த்தது, விற்பனைக்கு வைத்தது

உயிரெழுத்து 12, ஆய்தம் 1, க முதல் ன வரை 18. எழுத்துக்கு ஒரு பக்கம் என்று 31 பக்கம். புள்ளிக்கோட்டின் மேல் குழந்தை பென்சிலால் எழுதிப் பழகும் தாள்கள் இவை. வீட்டில் பெற்றோரும் வகுப்பில் ஆசிரியரும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற மாதிரி பிடிஎஃப்பாக விற்கிறேன். கூடவே ஒரு வாராந்திரத் திட்டத் தாளும் உண்டு. இது முழுநேரத் தொழில் இல்லை, சாயங்கால வேலை.

முதலில் எழுத்துரு. இதில் ஒரு சிக்கலை வரைய உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும். எழுத்துருவில் இருக்கிற ‘அ’ என்பது ஒரு கோடு அல்ல, ஒரு வடிவத்தின் வெளிவிளிம்பு. அதை எடுத்துப் புள்ளிக்கோடாக மாற்றினால் எழுத்தைச் சுற்றி இரண்டு புள்ளி வரிசை வரும். குழந்தை எதன் மேல் எழுதும்? நமக்கு வேண்டியது எழுத்தின் நடுவே ஓடும் ஒற்றைக் கோடு, அதுவும் கை போகிற திசையில். அதனால் ஒரே தடிமனில் இருக்கும் எழுத்துரு ஒன்றை மங்கலாக அடியில் வைத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் பேனா கருவியால் அதன் நடுவில் ஒவ்வொரு எழுத்தையும் கையால் வரைந்தேன். கோட்டை எந்த முனையில் தொடங்குகிறோமோ அங்கேதான் அம்புக்குறியும் தொடக்கப் புள்ளியும் விழும் என்பதால், கரும்பலகையில் எழுதுகிற வரிசையிலேயே வரைய வேண்டும். புள்ளிக்கு இந்த மூன்று பண்புகள் போதும் (அளவு மில்லிமீட்டரில்):

```
stroke-width="1.2"
stroke-linecap="round"
stroke-dasharray="0.01 3"
```

கோட்டின் நீளம் கிட்டத்தட்ட பூஜ்யம், முனை வட்டம், இடைவெளி 3 மிமீ. அதனால் ஒவ்வொன்றும் உருண்டையான புள்ளியாக விழும். முதலில் சாம்பல் நிறக் கோடுதான் போட்டுப் பார்த்தேன், திரையில் அழகாகத்தான் இருந்தது. வீட்டு இங்க்ஜெட்டிலும் பரவாயில்லை. ஆனால் வகுப்புக்குப் போகிற தாள் ஜெராக்ஸ் கடை வழியாகத்தான் போகும். லேசர் இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. கறுப்புப் பொடியைச் சிதறலாகத் தூவித்தான் அது சாம்பலைக் காட்டும். அந்தச் சிதறலை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் கோடு அங்கங்கே அறுந்துவிடும், இன்னொரு முறை எடுத்தால் வெள்ளைத் தாள்தான். இப்போது எல்லாமே முழுக் கறுப்பு. கோடு மங்கலாகத் தெரிய வேண்டிய இடத்தில் நிறத்தை மாற்றுவதில்லை, புள்ளியைச் சிறிதாக்குகிறேன். ஜெராக்ஸின் ஜெராக்ஸில் படிக்க முடிகிறதா என்பதுதான் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் வைக்கும் தேர்வு.

ஒரு வரிசையில் ஐந்து கட்டம். முதலாவதில் அம்புக்குறியோடு முழு எழுத்து, அடுத்த இரண்டில் புள்ளி, நான்காவதில் தொடக்கப் புள்ளி மட்டும், ஐந்தாவது காலி. கோடு இரட்டைக் கோடு நோட்டு மாதிரிதான், ஆனால் வரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். கடையில் கிடைக்கிற நாலு கோடு தாளின் அமைப்பு ஆங்கிலத்துக்கு ஆனது. தமிழில் ‘ழ’வின் வால் கீழே இறங்கும், பின்னால் ‘கி’, ‘கீ’ என்று வரும்போது மேல்விலங்கு மேலே ஏறும். அதற்கு மேலும் கீழும் இடம் விடாவிட்டால் ஒரு வரி இன்னொரு வரியில் போய் முட்டும்.

அடுத்தது தாள் அளவு. நம் ஊரிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஏ4. கனடாவிலும் அமெரிக்காவிலும் லெட்டர். தமிழ்ப் பயிற்சித் தாள் தேடுகிறவர்களில் அந்த இரண்டு நாடுகளில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் நிறைய. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் லெட்டர் தாள். ஏ4 என்பது 210 × 297 மிமீ, லெட்டர் சுமார் 216 × 279. அகலம் கொஞ்சம் கூடுதல், உயரம் 18 மிமீ குறைவு. ஏ4 பக்கத்தை அதே அளவில் லெட்டரில் அடித்தால் மேலும் கீழும் 9 மிமீ வெட்டுப்படும். ‘Fit’ கொடுத்தால் முழுப் பக்கமும் 94 சதவீதத்துக்குச் சுருங்கும். பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை, ஆனால் அளவெடுத்துப் போட்ட கட்டம் அளவெடுத்தபடி வராது.

இதற்கு நான் செய்தது, எல்லாப் படங்களையும் எழுத்தையும் 185 × 255 மிமீ பரப்புக்குள் அடக்கியது. இரண்டு தாளிலும் அது முழுசாக உட்காரும், இடப்பக்கம் பஞ்ச் செய்து ஃபைலில் போடவும் இடம் இருக்கும். பிறகு அதே வரைபடத்திலிருந்து ஏ4, லெட்டர் என்று இரண்டு பிடிஎஃப். முதல் பக்கத்தில் 50 மிமீ நீளத்தில் ஒரு கோடு போட்டு, ‘ஸ்கேலால் அளந்து பாருங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். 47 வந்தால் ஏ4 கோப்பை லெட்டர் தாளில் சுருக்கி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘சின்னதா வருதுங்க’ என்று யாராவது எழுதினால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கோடு எத்தனை?

விற்பதற்கு முன் பிடிஎஃப்பை ஒரு கட்டளையால் சோதிக்கிறேன்.

```
pdffonts ezhuthu-a4.pdf
```

இதில் `emb` என்ற நெடுவரிசையில் எல்லாவற்றுக்கும் `yes` இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவரின் கணினி தன்னிடம் இருக்கிற வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும், அதுவும் இல்லையென்றால் கட்டம் கட்டமாகக் காட்டும். எழுத்துருவை உள்ளே பொதிந்து விற்பதற்கு அதன் உரிமமும் இடம் கொடுக்க வேண்டும். தலைப்புகளுக்கு நான் எடுத்தது கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. அந்த எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் தடை. அதைக் கொண்டு உருவாக்கிய ஆவணத்தை விற்கலாம். படங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தாலே போதாது. பின்னால் ‘NC’ இருந்தால் விற்கிற பொருளில் அதைச் சேர்க்கக் கூடாது. ‘அ’வுக்கு அணில், ‘ஆ’வுக்கு ஆடு எல்லாம் நானே கோட்டோவியமாகப் போட்டுவிட்டேன். அரசுப் பாடநூலை இலவசமாக இறக்கிக்கொள்ள முடிகிறது என்பதால் அதிலுள்ள படத்தை எடுத்து விற்கலாம் என்று ஆகிவிடாது. தொலைக்காட்சிக் கார்ட்டூன் உருவங்களைச் சேர்க்கச் சொல்லி வருகிற யோசனைகளையும் தொடுவதில்லை.

திட்டத் தாள் சீக்கிரம் முடிந்தது. தேதி போடவில்லை. தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது, சிங்கப்பூரில் ஜனவரியில். தேதி போட்டால் ஒரு ஊருக்குத்தான் ஆகும், அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான். கணினியிலேயே நிரப்புகிற மாதிரி பிடிஎஃப் கட்டங்கள் வைத்துப் பார்த்தேன். பல செயலிகளில் அந்தக் கட்டத்துக்குள் தமிழ் தட்டினால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. கையால் எழுதும் தாளாகவே விட்டுவிட்டேன்.

இனி உரிமம். இதற்குத்தான் நேரம் அதிகம் போனது, போக வேண்டியதும்கூட. பயிற்சித் தாள் நகலெடுக்கவே பிறந்த பொருள். அதன் தலையில் ‘நகலெடுக்கக் கூடாது’ என்று எழுதினால் படிக்கிறவர் சிரிப்பார். சட்டமும் அப்படி இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52இல் கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதற்கு விலக்கு இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் அந்த விலக்கை விரிவாகவே எடுத்துக்கொண்டது. ஆகவே நான் கட்டுப்படுத்தப் பார்ப்பது தாளின் நகலை அல்ல, கோப்பு கைமாறுவதை. ஆசிரியர்களுக்கான அமெரிக்கத் தளமான டீச்சர்ஸ் பே டீச்சர்ஸிலும் ஒருவர் வாங்கினால் அவர் வகுப்புக்கு, கூட வேலை பார்க்கிறவருக்குக் கூடுதல் உரிமம் என்பதுதான் வழக்கம்.

என் சொற்களை இறுதியாக்க உதவியது ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை கேட்ட கேள்வி. ‘எங்க பள்ளியில நாலு டீச்சர் இருக்கோம். நான் ஒருத்தி வாங்கினா எல்லாருக்கும் அனுப்பலாமா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல போடலாமா?’ அன்றிருந்த என் உரிமத்தில் ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று ஒரே வரி. அதை வைத்து அவருக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வகுப்பு தனிப்பட்ட பயன்பாடா என்ன? அவர் கேட்டதையே வரிசையாக வைத்து எழுதியதுதான் இப்போது இருப்பது:

‘வாங்கியவர் பெற்றோர் என்றால் தம் வீட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும், ஆசிரியர் என்றால் தாம் நேரடியாகக் கற்பிக்கும் மாணவர் எல்லாருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம், ஜெராக்ஸ் எடுக்கலாம். வீட்டுப்பாடமாகத் தம் மாணவரின் பெற்றோருக்கு ஒரு பக்கத்தை அனுப்பலாம். முழுக் கோப்பை இன்னொரு ஆசிரியருக்கோ, குழுவிலோ, யாரும் திறக்கக்கூடிய இணையப் பக்கத்திலோ தரக் கூடாது. படங்களை வெட்டி எடுத்து வேறு தாள் செய்து விற்கக் கூடாது.’

ஒருவர் உரிமம் 150 ரூபாய், அதே பள்ளியில் சேரும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் 75. அந்த ஆசிரியை கேட்டபடி பார்த்தால் 150 + 225, ஆக 375. வழி தெரிந்ததும் அவர் அப்படியே வாங்கிவிட்டார். ‘கூடாது’ என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே ‘இப்படிச் செய்யலாம்’ என்று ஒரு விலையும் இருந்தால்தான் நேர்மையானவர்களும் நேர்மையாக இருக்க முடியும் என்பது என் எண்ணம்.

இந்த வாசகம் மூன்று இடத்தில் இருக்கிறது. வாங்கும் முன் படிக்க விற்பனை விவரத்தில், கோப்பின் இரண்டாம் பக்கத்தில் முழுதாக, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘ஒரு ஆசிரியர் / ஒரு குடும்பம்’ என்று சுருக்கமாக. அடிவரிதான் உண்மையில் வேலை செய்கிறது, ஏனென்றால் ஊர் சுற்றுவது தனிப் பக்கம். உரிமப் பக்கத்தை யாரும் ஜெராக்ஸ் எடுப்பதில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டவில்லை. பென் டிரைவோடு ஜெராக்ஸ் கடையில் நிற்கிற அம்மாவுக்குத்தான் அது தொல்லை, பகிர நினைப்பவருக்குப் பிரிண்டை ஸ்கேன் செய்ய ஒரு நிமிஷம் போதும்.

ட்யூஷன் நடத்துகிறவர்கள் கட்டணம் வாங்குகிறார்களே, அது வணிகப் பயன்பாடு ஆகாதா என்று ஒருவர் கேட்டார். ட்யூஷன் ஆசிரியரும் ஆசிரியர்தான், பிள்ளைகள் கட்டணம் கொடுப்பது பாடத்துக்கு என்று வைத்துக்கொண்டேன். ஆனால் 31 பக்கத்தையும் ஸ்பைரல் போட்டுப் ‘பயிற்சிப் புத்தகம்’ என்று தனியாகக் காசு வாங்கினால் அது தாளை விற்பது, அதற்கு இடமில்லை. பைண்டிங் செலவை மட்டும் வாங்கினால்? அதை அனுமதித்து ஒரு வரி அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன், உயிர்மெய்த் தாள்களும் அதோடுதான் வரும்.