நைட்டி யூனிட்: லாபம் பிரித்த கதை

ஏப்ரல் 4
பழைய வண்ணாரப்பேட்டை யூனிட்டின் வருஷக் கணக்கு முடிந்தது. துணி, கூலி, வாடகை, பேங்க் வட்டி, வரிக்கு ஒதுக்கியது எல்லாம் போக 7,28,000 ரூபாய் மிச்சம். அண்ணன் போட்டது 6 லட்சம். எதிர்வீட்டு அக்கா 2 லட்சம் போட்டதோடு, பேங்கில் வாங்கிய 10 லட்சம் ஓ.டி. கடனுக்குத் தன் வீட்டையும் அடமானம் வைத்திருக்கிறார். நான் 1 லட்சம் போட்டு, தினமும் யூனிட்டில் நிற்கிறேன்.

"போட்ட முதலுக்குத் தக்கபடி பிரிச்சிடலாம்மா" என்றார் அண்ணன். அப்படிப் பார்த்தால் எனக்கு மாசம் 6,700 ரூபாய்தான். கட்டிங் மாஸ்டருக்கு 22,000 கொடுக்கிறோம். ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஏப்ரல் 6
ஆடிட்டரிடம் போனோம். எங்கள் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் பங்கு விகிதமே எழுதவில்லையாம். 1932ஆம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, எழுதாமல் விட்டால் லாபமும் நஷ்டமும் சமபங்கு. வேலை பார்த்தவருக்குத் தனியாகச் சம்பளமும் கிடையாது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

ஏப்ரல் 9
அப்பாதான் வழி காட்டினார். காசிமேட்டில் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று தனித்தனியாகத்தானே பிரிக்கிறார்கள்? அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். என் வேலைக்கு மாசம் 25,000, வருஷத்துக்கு 3 லட்சம். என் இடத்தில் ஒரு சூப்பர்வைசரை வைத்தால் அவ்வளவு ஆகும். முதலுக்கு 12 சதவீத வட்டி: அண்ணனுக்கு 72,000, அக்காவுக்கு 24,000, எனக்கு 12,000. வீட்டு ஜாமீனுக்கு ஓ.டி.யில் 2 சதவீதம், 20,000. மீதி சரியாக 3 லட்சம்.

ஏப்ரல் 12
அந்த 3 லட்சத்துக்குத்தான் சண்டை. முதல் போனால் அதிகம் இழப்பது தான்தான் என்று அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்கு 40, எங்கள் இருவருக்கும் 30, 30 என்று முடித்தோம். மொத்தத்தில் அண்ணனுக்கு 1,92,000, அக்காவுக்கு 1,34,000, எனக்கு 4,02,000.

அதுவரை பேசாமல் இருந்த அக்கா கேட்டார்: "வீடு ஏலத்துக்குப் போனா இந்த இருபதாயிரத்தை வெச்சு நான் என்ன பண்றது?"

யாருக்கும் பதில் இல்லை. அந்த 20,000 வருஷா வருஷம் வீட்டை மாட்டி வைத்திருப்பதற்கான கூலி, அவ்வளவுதான். வீடே போனால் அந்த இழப்பை யார் தாங்குவது என்பது வேறு கேள்வி. அதை நான் யோசிக்கவே இல்லை.

ஏப்ரல் 17
புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். பேங்க் கடனுக்காக அக்கா கையிலிருந்து எவ்வளவு போனாலும், நஷ்டப் பங்கான 40:30:30 படி அண்ணனும் நானும் எங்கள் பங்கை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். லாபம் இல்லாத வருஷம் முதலுக்கு வட்டி கிடையாது. என் சம்பளமும் 15,000 ஆகக் குறையும். அதற்கு நானே ஒத்துக்கொண்டேன்.

போன வருஷப் பணத்தை மூவரும் சம்மதித்து இப்படிப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் பத்திரத் தேதிக்கு முந்தைய சம்பளத்தை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றார் ஆடிட்டர். ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால் அந்த வரி மிச்சமாகியிருக்கும்.

அக்கா பத்திர நகலை அங்கேயே நின்று இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பையில் வைத்தார்.