தேர்வு நோட்ஸ் பக்கத்தின் ஹேண்டிலை மாற்றினோம்: ஃபாலோயர்களும் பழைய லிங்க்குகளும் என்ன ஆனது

குரூப் 4-க்குப் படித்துக்கொண்டே நோட்ஸ் பக்கம் நடத்துகிறவர்கள் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெயரிலேயே தேர்வையும் வருஷத்தையும் வைத்துவிட்டு இப்போது மாற்றலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் நண்பனும் 2022 ஜூலை 24 தேர்வை மனதில் வைத்துத் தொடங்கிய பக்கம் `g4vellore2022`. இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் அதே பெயர்தான். 2024 ஜூன் 9 தேர்வுக்குப் படிக்க வந்தவர்கள் அந்த 2022-ஐப் பார்த்துவிட்டு "அண்ணா, இது பழைய சிலபஸ் நோட்ஸா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள், அதோடு நாங்கள் குரூப் 2-க்கும் போட ஆரம்பித்திருந்தோம். அதனால் `vellorepadippu` என்று மாற்ற முடிவு செய்தோம்.

ஹேண்டிலை மாற்றுவதால் ஃபாலோயர்கள் போக மாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம். உங்கள் கணக்கை உள்ளே அடையாளம் காட்டுவது ஒரு எண், ஃபாலோயர் பட்டியல் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. பெயர் மாறினாலும் எண் மாறாது. போவது வேறு காரணத்தால். ஹேண்டில், படம், மேலே தெரியும் பெயர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், ஃபீடில் பார்க்கிறவருக்கு இது யாரென்றே தெரியாது, நான் எப்போது இதை ஃபாலோ பண்ணினேன் என்று நினைத்து எடுத்துவிடுவார். அதனால் நாங்கள் முதலில் ஹேண்டிலை மட்டும் மாற்றினோம், படத்தைத் தொடவில்லை. பெயர்ப் பகுதியில் 'வேலூர் குரூப் 4 நோட்ஸ்' என்பதை அப்படியே விட்டோம், ஏனென்றால் இன்ஸ்டா தேடலில் அந்தப் பகுதியும் வரும், பழைய பெயரை நினைவில் வைத்துத் தேடுகிறவருக்கும் கிடைக்கும். அந்தப் பெயரை 14 நாளுக்குள் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் அவசரப்பட்டு விளையாடாதீர்கள்.

உண்மையில் உடைவது லிங்க். இதில் இன்ஸ்டாவும் டெலிகிராமும் ஒரே மாதிரி இல்லை.

இன்ஸ்டாவில் `instagram.com/g4vellore2022` என்ற லிங்க் புதுப் பெயருக்குத் தானாகத் திருப்பிவிடாது, பக்கம் கிடைக்கவில்லை என்றுதான் வரும். ஆனால் தனிப் போஸ்ட், ரீல் லிங்க்குகளில் `/p/` அல்லது `/reel/`-க்குப் பின்னால் வரும் குறியீடுதான் முக்கியம், ஹேண்டிலோடு அதற்குச் சம்பந்தமில்லை, அதனால் வாட்ஸ்அப் குரூப்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் போஸ்ட் லிங்க்குகள் அப்படியே வேலை செய்யும். படத்தில் டேக் செய்தவையும் புதுப் பெயருக்கு மாறிவிடும். மற்றவர்கள் கேப்ஷனில் எழுத்தாக @ போட்டு எழுதிய பழைய பெயர் மட்டும் அப்படியே நிற்கும்.

அந்தப் பழைய பெயரைத்தான் விட்டுவிடக் கூடாது. Edit profile-இல் போய் Username-ஐ மாற்றும்போது, பொதுவாக 14 நாள் வரை பழைய பெயருக்குத் திரும்பலாம் என்று ஆப்பே சொல்லும். அதற்கப்புறம் அது யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கலாம். தேர்வுப் பக்கத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. உங்கள் பழைய பெயரை எடுத்துக்கொண்டு ஒருவன் 'வினாத்தாள் லீக், 500 ரூபாய்' என்று போட்டால், உங்கள் பழைய PDF-ஐப் பார்த்து வரும் பிள்ளை உங்களை நம்பித்தான் பணம் அனுப்பும். அதனால் அதே போனில் இரண்டாவது கணக்கு ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, மாற்றிய உடனே ஒரு முறையும், கிடைக்கவில்லை என்றால் அந்த 14 நாள் முடிந்ததிலிருந்து தினமும் பழைய பெயரை அதற்குப் போட்டுப் பாருங்கள். கிடைத்ததும் அதே படம், 'இடம் மாறிவிட்டோம், vellorepadippu-வில் இருக்கிறோம்' என்று ஒரே ஒரு போஸ்ட், பயோவில் புது லிங்க், அவ்வளவு போதும். அந்தக் கணக்கில் அவ்வப்போது லாகின் செய்யுங்கள், ரொம்ப நாள் சும்மா கிடக்கும் கணக்கு நீக்கப்படலாம்.

இன்னொரு விஷயம். பழைய பெயர் உங்கள் கைக்கு வரும்வரை புதுப் பக்கத்தின் பயோவில் 'முன்பு g4vellore2022' என்று @ இல்லாமல் எழுதுங்கள். @ போட்டால் அது லிங்க் ஆகிவிடும், வேறொருவர் அந்தப் பெயரை எடுத்தால் நீங்களே ஆட்களை அங்கே அனுப்புகிறீர்கள்.

நடுவில் அந்த இரண்டு வாரம் பழைய ப்ரொஃபைல் லிங்க் செத்துக் கிடக்கும் என்று வைத்துக்கொண்டே நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹால் டிக்கெட் வரும் வாரம், தற்காலிக விடைக்குறிப்பு வரும் வாரம் இரண்டும் கூடவே கூடாது, அப்போதுதான் எல்லோரும் தேடி வருவார்கள். நாங்கள் விடைக்குறிப்பு அலை அடங்கிய பிறகு மாற்றினோம், அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஸ்டோரியில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டே இருந்தோம்.

டெலிகிராமில் சேதம் அதிகம். உறுப்பினர்கள் அப்படியே இருப்பார்கள், ஆனால் `t.me/g4vellore2022/214` மாதிரி ஒவ்வொரு போஸ்ட் லிங்க்கிலும் சேனல் பெயர் இருப்பதால் எல்லாமே ஒரே நொடியில் உடையும். பெயர் மாற்றும் முன்பே காலியான சேனல் ஒன்றைத் தயார் செய்து, புதுப் பக்கத்துக்கு வழிகாட்டும் செய்தியை அதில் பின் செய்துவிடுங்கள். பிறகு பெரிய சேனலின் பப்ளிக் லிங்க்கை மாற்றிச் சேமித்த கையோடு, பழைய பெயரைக் காலிச் சேனலுக்குக் கொடுங்கள். இடையில் டீ குடிக்கப் போகாதீர்கள். பழைய 214-ஐத் தொடுகிறவருக்கு அந்தப் போஸ்ட் கிடைக்காது, ஆனால் வழிகாட்டும் சேனலாவது திறக்கும். அப்புறம் பெரிய சேனலுக்குள்ளேயே `t.me/g4vellore2022` என்று தேடி, ஒரு போஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களே கொடுத்த லிங்க்குகளை எடிட் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் உங்கள் அட்டவணைப் போஸ்டை நம்பித்தான் புதிதாக வருகிறவர் படிக்கத் தொடங்குவார்.

இதையெல்லாம் செய்தாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு: பேப்பர். எங்கள் PDF-இன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பழைய லிங்க்கும் கியூஆர் கோடும் இருந்தது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் அதைப் பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டு மாவட்ட மைய நூலகத்தில் இன்றும் வைத்துப் படிக்கிறார்கள். அச்சான கியூஆருக்குள் இருக்கும் முகவரியை யாராலும் மாற்ற முடியாது. எனவே இனி அச்சுக்குப் போகும் எதிலும் இன்ஸ்டா முகவரியை நேரடியாகப் போடாமல் சொந்த டொமைனில் ஒரு சின்னப் பாதையைப் போடுங்கள். அப்பாச்சி ஹோஸ்டிங் என்றால் `.htaccess` கோப்பில் இரண்டு வரிதான்:

```
Redirect 302 /insta https://www.instagram.com/vellorepadippu/
Redirect 302 /tg https://t.me/vellorepadippu
```

இங்கே 301 போடாதீர்கள். அது நிரந்தர மாற்றம் என்று பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை நீங்கள் வரியை மாற்றினாலும் ஏற்கெனவே வந்தவரின் போன் பழைய இடத்துக்கே போகும். 302 என்றால் பொதுவாக ஒவ்வொரு முறையும் உங்கள் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் போகும்.

சோதிக்கும்போது உங்கள் போனை நம்பாதீர்கள், அதில் எல்லாம் ஏற்கெனவே திறந்து பழகியிருக்கும். உங்கள் பக்கத்தை ஃபாலோ பண்ணாத ஒரு நண்பரின் போனை வாங்கி, பழைய ஸ்பைரல் நோட்டில் உள்ள கியூஆர், பழைய டெலிகிராம் போஸ்ட் லிங்க், புதுப் பாதை மூன்றையும் திறந்து பாருங்கள். பழைய கியூஆர் உங்கள் வழிகாட்டும் கணக்கில் போய் நிற்க வேண்டும். வேறு யாருடைய முகமாவது வந்தால் அன்றைக்கே ஸ்டோரியிலும் சேனலிலும் 'அது நாங்கள் இல்லை' என்று ஸ்கிரீன்ஷாட்டோடு போட்டுவிட்டு, ஆள்மாறாட்டம் என்று ஆப்பில் ரிப்போர்ட் செய்யுங்கள்.